ஸ்க்ரூ ஜாக் டிராயிங்: வெட்டக்கூடாததை வெட்டிய கதை

நான்காவது ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக, திருகித் திருகிப் பாரம் தூக்கும் ஸ்க்ரூ ஜாக்கின் அசெம்பிளி டிராயிங் ஏ3 தாளில் அச்சாகி வந்துவிட்டது. மொத்தமே பத்து பாகம்தான். மாடல் செய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிச்ச நாளையெல்லாம் தின்றது, உள்ளே இருப்பது தெரிய வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வியூ.

ஃப்ரீகேட் 1.0 என்ற வரைதல் மென்பொருளில் அசெம்பிளியை மொத்தமாகத் தேர்ந்து, நடு அச்சு வழியாக வெட்டினேன். ஒரே கிளிக். பாடி, நட், பாரம் உட்காரும் கப் எல்லாவற்றிலும் ஹேட்ச், அதாவது வெட்டிய முகத்தைக் காட்டும் சாய்கோடுகள், விழுந்தது. கூடவே ஸ்க்ரூ, அதைத் திருப்பும் டாமி பார், வாஷர், போல்ட் எதையும் விடவில்லை. பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல நட்டு எது, ஸ்க்ரூ எதுப்பா?" என்றார். எல்லாம் ஒரே 45 பாகை கோடு. சதுர மரை எங்கே முடிகிறது, நட் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

நீள்வாக்கில் வெட்டுப்படும் ஸ்க்ரூ, ஷாஃப்ட், போல்ட், வாஷர், சாவி இவற்றை வெட்டாமல் முழுசாகக் காட்டுவதுதான் வழக்கம். படித்ததுதான், ஆனால் மென்பொருள் தானாகச் செய்துவிடும் என்று நினைத்தது என் சோம்பல்.

முதலில் குறுக்குவழி பார்த்தேன். பாடி, நட், கப் மூன்றுக்கு மட்டும் செக்‌ஷன் எடுத்து, மற்றவற்றின் சாதாரண வியூவை அதே ஸ்கேலில் அதன் மேலேயே வைத்தேன். இரண்டும் தனித்தனிப் படம் அல்லவா? ஸ்க்ரூவுக்குப் பின்னால் மறைய வேண்டிய நட்டின் மரைக் கோடுகள் ஸ்க்ரூவின் மேலேயே ஓடின. ஒரு ஞாயிறு அதிலேயே போயிற்று.

அப்புறம் 3டியிலேயே வெட்டினேன். முன்பாதியை மூடுகிற மாதிரி ஒரு பெரிய கட்டை. அதைக் கொண்டு அந்த மூன்றின் நகல்களை மட்டும் கழித்தேன். வெட்டிய நகல்களோடு முழு ஸ்க்ரூவையும் சின்ன பாகங்களையும் சேர்த்து ஒரே வியூவாக எடுத்ததும் மறைய வேண்டியதெல்லாம் ஒழுங்காக மறைந்தது. ஹேட்ச் மட்டும் ஒவ்வொரு முகமாகக் கையால். பாடியின் இடது வலது இரண்டு துண்டுக்கும் ஒரே சாய்வு, அதை ஒட்டியிருக்கும் நட்டுக்கு எதிர்ச் சாய்வு. முதலில் பாடியின் வலது பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். பார்த்தால் இரண்டு வேறு வார்ப்பு மாதிரி இருந்தது.

பாகங்களைப் பிரித்துக் காட்டும் எக்ஸ்ப்ளோடட் வியூ சுலபம் என்று எல்லாவற்றையும் மேல்நோக்கி வரிசையாக இழுத்துவிட்டேன். அடி வாஷரில் மாட்டிக்கொண்டேன். ஸ்க்ரூ நட்டிலிருந்து முழுக்கக் கழன்று வராமல் தடுக்கத்தான் அது இருக்கிறது. விட்டம் 38 மி.மீ., நட்டின் துளை 30-ஐயே தாண்டாது. அது எப்படி நட் வழியாக மேலே போகும்? பூட்டும்போது நட் மேலிருந்து பாடிக்குள் இறங்கும், ஸ்க்ரூவும் மேலிருந்து. வாஷரும் அதன் போல்ட்டும் மட்டும் பாடியின் திறந்த அடி வழியாக வரும். ஆகவே அந்த இரண்டையும் கீழே இழுத்தேன். நட்டைச் சுழலாமல் பிடிக்கும் செட் ஸ்க்ரூ பக்கவாட்டில்.

   

பாக எண்ணைக் காட்டும் வட்டமான பலூனில் இன்னொரு அடி. பாகப் பட்டியலைத் தானாக உருவாக்கி அதன்படி எண் போட்டு முடித்த பிறகுதான் செட் ஸ்க்ரூவைச் சேர்க்க மறந்தது தெரிந்தது. சேர்த்தேன், பட்டியலின் நடுவில் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு வந்த எண்களெல்லாம் ஒன்று நகர்ந்தன. பலூனில் இருப்பது வெறும் எழுத்து, பட்டியலோடு தொடர்பே இல்லை, நகரவில்லை. வாஷரைக் காட்டும் பலூனில் போல்ட்டின் எண்! இப்போது பட்டியலை நானே தட்டச்சு செய்கிறேன்: டைட்டில் பிளாக்குக்கு மேலே, 1 கீழே, எண்கள் மேல்நோக்கி. மறந்தது வந்தால் மேலே 11 என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

பலூன்களை இரண்டு பக்கமும் செங்குத்து வரிசையில் அடுக்கினேன். கோடு பாகத்துக்குள் முடிந்தால் புள்ளி, விளிம்பில் முடிந்தால் அம்பு. நட்டுக்குப் போகும் கோடு தற்செயலாக ஹேட்சுக்கு இணையாக 45 பாகையிலேயே விழுந்து, ஹேட்சோடு ஹேட்சாகக் காணாமல் போயிற்று. 30-க்குச் சாய்த்ததும் தெரிந்தது.

ஜெராக்ஸ் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அச்செடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 1:2 போட்ட படத்தில் 150 மி.மீ. வர வேண்டிய உயரம் ஸ்கேல் வைத்து அளந்தால் 144. இரண்டாவது பிரதிக்குக் காசு தனி.

அடுத்தது சுழலும் தண்டைத் தாங்கும் ப்ளம்மர் பிளாக். அதில் பிராஸ் என்கிற தாங்கி உறை இரண்டு பாதியாக வரும், ஹேட்ச் இன்னும் வம்பு. இந்த ஜாக்கில் கப்பின் மெட்டீரியல் கட்டம் இன்னும் காலி. மாமா வார்ப்பிரும்பு என்கிறார், எனக்கு ஸ்டீல் மாதிரி படுகிறது. அடியில் ஓரமாகத் துளை போட்டால் சுருள் வருகிறதா, பொடி வருகிறதா என்று தெரிந்துவிடும்.