கழுவேற்றக் கேள்வி வந்தால் முதலில் காலத்தைப் போடுங்கள்

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. பெரிய நிம்மதி. வரலாற்று வரைவியல் தாளில்தான் எனக்கு அதிக மார்க். "மதுரையில் சமணர் கழுவேற்றப்பட்ட கதையைச் சான்றுகளோடு ஆராய்க" என்ற பெரிய கேள்வியை எப்படி எழுதினேன் என்று ஜூனியர்கள் கேட்டதால் இந்தப் பதிவு. கதை இதுதான்: சைவ நாயன்மார் திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரை வாதில் வென்றார், தோற்ற சமணர் பாண்டியன் நெடுமாறனின் ஆட்சியில் கழுவேற்றப்பட்டார்கள்.

கடையில் கிடைக்கும் கைடுகளில் "நின்றசீர் நெடுமாறன் 8000 சமணரைக் கழுவேற்றினான்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதை அப்படியே எழுதினால் பாதி மார்க் போய்விடும். இன்றுவரை கோபம் தீராத விஷயம் அது.

என் விடையைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு பழக்கம்தான். எந்தச் சான்றை எழுதினாலும் பக்கத்திலேயே அதன் காலத்தையும் எழுதிவிடுவேன். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. மதுரையைச் சுற்றிய எட்டுச் சமணக் குன்றுகளான எண்பெருங்குன்றத்து எண்ணாயிரவரும் கழுவேறினார்கள் என்று விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நடுவே ஏறத்தாழ 500 ஆண்டுகள். இந்த இடைவெளியை விடைத்தாளில் கண்ணில் படும்படி வைத்தால் மற்ற வாதமெல்லாம் அதிலிருந்தே வரும்.

அடுத்து, சமகாலச் சான்று என்ன சொல்கிறது? சம்பந்தரின் பதிகங்களில் சமணர் மீது கடும் பகை இருக்கிறது. அவர்களை வாதில் வென்றழிக்கத் திருவுள்ளமா என்று மதுரை ஆலவாய் இறைவனிடமே கேட்கிறார். ஆனால் கழுமரம் இல்லை, எண்ணாயிரமும் இல்லை. ஆகவே பகை இருந்தது என்று தயங்காமல் எழுதலாம். கொலை நடந்தது என்பதற்கு அந்தப் பாடல்களைச் சாட்சி ஆக்க முடியாது. கதையில் வரும் நெடுமாறன், அரிகேசரி மாறவர்மன் என்ற பாண்டியன்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அவனுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து வந்த வேள்விக்குடிச் செப்பேடு அவன் செய்த தானங்களையும் போர்களையும் புகழ்கிறது, கழுவேற்றத்தைச் சொல்லவில்லை.

இனி கல்வெட்டு. இங்கே பத்து ஊர்ப் பெயரை அடுக்காதீர்கள். நான் நிதானமாகப் படிக்கிற ஆள், ஒரே மலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மதுரைக்குப் பக்கத்து ஆனைமலை அது. சமணர் இருக்கும் இடமாக 'ஆனைமாமலை'யைச் சம்பந்தரே பெயர் சொல்லிப் பாடுகிறார். எண்பெருங்குன்றப் பட்டியல்களிலும் அது வழக்கமாக வரும். அந்த மலையில் 770இல் பாண்டிய அமைச்சன் மாறன்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தான், கல்வெட்டு இருக்கிறது. அதே மலையில் பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் அச்சணந்தி என்ற சமண ஆசிரியரின் பெயர். இவை 9ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. கதைப்படி சமணர் அழிந்துபோன மலையில், கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பிறகு புதிய சமண உருவங்கள் வெளிப்படையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

கூடவே ஒரு கல்வெட்டு போதும்: பழனி அருகே ஐவர்மலை. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, பாண்டியன் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டு. சாந்திவீரக் குரவர் என்ற சமண ஆசிரியர் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் உருவத்தையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஒரு துறவியின் சோற்றுக்கும் 505 காணம் பொன் வைக்கிறார். சக ஆண்டும் ஆட்சியாண்டும் சேர்ந்து வருவதால் காலத்தில் குழப்பமில்லை. பாண்டிய நாட்டில் சமணப் பள்ளிக்குப் பொன் கொடுக்க ஆள் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எழுதும்போது கவனிக்க:
- 8000 என்பதை எண்ணிக்கையாக எடுத்து வாதாட வேண்டாம். எட்டுக் குன்றுக்கு எண்ணாயிரம் என்பது புராணக் கணக்கு.
- மீனாட்சி கோயில் ஓவியம், திருவிழா எல்லாம் கதை எப்படி வாழ்ந்தது என்பதற்குச் சான்று. 7ஆம் நூற்றாண்டுக்கு அல்ல.
- "சமண நூல்களிலும் இந்தப் படுகொலை பற்றிப் புலம்பல் இல்லை" என்ற வரியை விடாதீர்கள்.

வைவாவில் தேர்வாளர் என்னை மடக்கிய கேள்வி: "கல்வெட்டு என்றாலே தானப் பத்திரம். அதில் கொலையை யார் எழுதுவார்கள்?" நியாயமான கேள்வி. நான் ஸ்ரீசைலத்தைச் சொன்னேன். 1512ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் வீரசைவத் தலைவன் ஒருவன் சுவேதாம்பர சமணரின் தலைகளை வெட்டியதைப் பெருமையாகவே பொறித்திருக்கிறான். ஆகவே பெருமை என்று நினைத்தால் கல்லிலும் எழுதினார்கள். ஆனால் அது வேறு நாடு, வேறு காலம். அதை வைத்துப் பாண்டிய நாட்டு மௌனத்துக்கு முடிவான பொருள் சொல்ல முடியாது.

அவர் விடவில்லை. "9ஆம் நூற்றாண்டுச் சமணம் மறுமலர்ச்சியாக இருக்கக் கூடாதா?" இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஐவர்மலையில் நடந்தது புதுப்பிப்புப் பணி, இடையில் ஏன் சிதைந்தது என்று கல் சொல்லவில்லை. ஆனைமலையும் ஐவர்மலையும் 'சமணர் பூண்டோடு ஒழிந்தனர்' என்பதை மட்டுமே மறுக்கின்றன. அரசன் ஆதரவு கைமாறியதையோ, சிறு அளவில் வன்முறை நடந்திருக்கலாம் என்பதையோ அவை மறுக்கவில்லை. அந்த எல்லையை நானே சொன்ன பிறகுதான் அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.