ஓசை வராத விதை செல்லாது

மொரிஷியஸ் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி முதலிய மொழிகள் விருப்பப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. மொழிப் பாடவேளை வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குப் போய்விடுவார்கள். தீவின் தென்பகுதியில் நான் பணியாற்றிய பள்ளியில் நான்காம் வகுப்பிலிருந்து என்னிடம் வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுள் ஒரு சிறுமிக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே பிரித்தறியத் தெரியும். ஒன்பது பேர் கொண்ட சிறிய வகுப்பு என்பதால் விளையாட்டின் வழியாகத் தமிழ் எண்களையும் திசைச் சொற்களையும் கற்பிக்கலாம் என்று திட்டமிட்டிருந்தேன். அந்தச் சிறுமியும் எல்லாரோடும் சேர்ந்து விளையாட வேண்டும் என்பது மட்டுமே அப்போது என் எண்ணமாக இருந்தது. அவள் விளையாட்டை நடத்தக்கூடியவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் மணிப்பந்தைத்தான் முயன்றேன். பார்வையற்றோருக்கான கோல்பால் ஆட்டத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அதில் பந்துக்குள் மணிகள் இருக்கும். ஆடுபவர் அனைவரும் கண்மூடி அணிந்திருப்பார்கள். ஆடுகளக் கோடுகளின் ஒட்டுநாடாவுக்கு அடியில் கயிறு ஓடுவதால் கையாலும் காலாலும் எல்லையைத் தடவி அறியலாம். பந்து உருளும்போது பார்வையாளர்கள்கூட வாய்திறக்கக் கூடாது. இவற்றுள் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அமைதியை விட்டுவிட்டதுதான் என் பிழை. எங்கள் பள்ளி முற்றத்தை ஒட்டிச் சவுக்கு மரங்கள் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று அவற்றினூடே ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மணிப்பந்து உருளும்போதுதான் ஒலிக்கும், நின்றதும் ஊமையாகிவிடும். நின்ற பந்தைக் கண்ணுள்ள பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்துக்கொள்ள, அவள் கையை நீட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடுத்ததாக எல்லாருடைய கண்களையும் துணியால் கட்டினேன். கோல்பால் வீரர்கள் அந்த இருட்டில் பலநாள் பயின்று ஆடுகிறார்கள். என் பிள்ளைகளோ பத்து நிமிடம் தட்டுத் தடுமாறி, சுவரில் இடித்துக்கொண்டு, பார்வையின்மை என்றால் அச்சமும் தடுமாற்றமும்தான் என்று முடிவுசெய்துவிட்டார்கள். துணியை அவிழ்த்ததும் ஒருவன் அந்தச் சிறுமியைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அன்றோடு கண்கட்டுவதைக் கைவிட்டேன். எல்லாரையும் சமமாகக் குறைத்துவிட்டால் அவளுக்கு எதுவும் கூடிவிடுவதில்லை.

பிறகுதான் வீட்டுப் பரணிலிருந்த மரப் பல்லாங்குழியை எடுத்துச் சென்றேன். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக எழுபது விதைகள். தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து விதைகளை அள்ளி, வலப்புறமாக ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியிலுள்ளதை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைக் கையால் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். அத்தோடு ஆட்டம் எதிராளிக்குப் போகும். ஊருக்கு ஊர் முறை மாறும் என்றாலும் எங்கள் வீட்டு முறை இது. வெறுங்குழியைத் தடவுவது ஆட்டத்திலேயே இருப்பதைச் சிறுவயது முதல் செய்துவந்தும் நான் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை.

விதைகளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. அழகாயிருக்கும் என்று யாரோ சொன்ன குன்றிமணியை உடனே மறுத்தேன். அது நச்சு விதை, பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள், விரலுக்கும் மிகச் சிறியது. புளியங்கொட்டை சரியாக அமைந்தது. தட்டையும் வழவழப்பும் கொண்ட அது விரல்நுனியில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். விழும்போது ஓசையும் எழுப்பும். பலகை நகர்ந்தால் குழிகளின் இடம் குழம்பிவிடும் என்பதால் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டோம். அவளுடைய முதல் குழியின் ஓரத்தில் ஒரு தடித்த நூலை ஒட்டினேன். அங்கிருந்து எண்ணினால் எந்தக் குழியில் கை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் வாரம் அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். விதி தெரியாததால் அன்று, நேரம் கிடைக்காததால். குழியில் மூன்று வரை இருந்தால் விரல் வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதற்கு மேல் போனால் விதைகளைக் குழியின் ஒரு சுவரோடு ஒதுக்கி, இரண்டிரண்டாகத் தள்ளித்தான் அவள் எண்ணுவாள். மற்றவர்கள் ஒரு நொடியில் கண்ணோட்டம் விட்டு முடிப்பதற்கு அவளுக்கு அரை நிமிடத்திற்கு மேல் ஆகும். அதற்குள், "அத்தான், அத்தான்" என்று அவளே சொல்ல வேண்டி வரும். (தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதற்குப் 'பொறு' என்று பொருள். தமிழ் வகுப்பில் அது ஒலிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பிள்ளைகளுக்கு ஏன் என்று புரியாது.) அவசரப்படுத்தியவர்களைவிட உதவி செய்தவள்தான் பெரிய தடையாக இருந்தாள். பக்கத்தில் அமர்ந்த நல்ல மனமுள்ள ஒரு சிறுமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் குழிகளுக்குள் வைத்து, எண்ணிக்கையையும் காதில் சொல்லிவிடுவாள். ஆகவே இரண்டு விதிகள் செய்தோம். ஆடுவதற்கு முன் எந்தக் குழியையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யாரும் தடவிப் பார்க்கலாம். எவர் கையையும் எவரும் பிடித்து நகர்த்தக் கூடாது. எதையாவது காட்டியே ஆக வேண்டுமானால் காட்டுபவரின் கை கீழே இருக்க வேண்டும், அவளுடைய கை அதன்மேல் தானாக வந்து அமரும். விலக வேண்டும் என்று தோன்றினால் அவள் விலகிக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரத்தில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எதிரில் ஆடிய சிறுவன் தன் மூன்றாம் குழியிலிருந்து எட்டு விதைகளை அள்ளினான். அவன் ஆடத் தொடங்குமுன் அவள் இரு வரிசைகளையும் தடவி முடித்திருந்தாள். அவன் தன் பக்கத்தில் நான்கு குழிகளுக்கும், திரும்பி அவள் பக்கத்தில் முதல் நான்கு குழிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எட்டாவது விதை வெறுமையாயிருந்த அவளுடைய நான்காம் குழியில் விழ வேண்டும். போட்டு முடித்தவன், "நான்காம் குழி காலி" என்று சொல்லி அதைத் தடவி, ஏழு விதைகள் இருந்த ஐந்தாம் குழியை வாரிக்கொண்டான். சுற்றி நின்ற நான்கு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

அவள் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்து ஆட்டத்தை நிறுத்தினாள். கடைசி விதை மரத்தில் விழவில்லை, விதையின்மேல் விழுந்தது என்றாள். நான்காம் குழியில் ஒன்று இருக்க வேண்டும், மூன்றாம் குழியில் இரண்டு இருக்க வேண்டும். தடவிப் பாருங்கள் என்றாள். மூன்றாம் குழியில் மூன்று இருந்தன. விரலில் ஒட்டிக்கொண்டு இரண்டு சேர்ந்து விழுந்துவிட்டன என்று அவன் சொன்னான். அவன் அன்று புளிமிட்டாய் தின்றிருந்தான், ஆகவே அது உண்மையாகவும் இருக்கலாம். ஆட்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய் மீண்டும் ஆடச் செய்தோம். ஒவ்வொரு குழியிலும் என்ன இருந்தது என்பதையும் அவளே சொன்னாள்.

அன்று மாலை வீட்டில் நானே கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வெறும் மரத்தில் விழும் கொட்டை தாழ்ந்த குரலில் 'டொக்' என்கிறது. கொட்டையின்மேல் விழுவது மெல்லிய 'டிக்' என்கிறது. அது சரிந்து அடங்கும் சிறு உரசலும் உடன் கேட்கிறது. வேறுபாடு மிகச் சிறியது, ஆனால் ஐயத்திற்கு இடமில்லை. ஒவ்வொரு விதை விழும்போதும் எத்தனை போடப்பட்டன, எந்தக் குழி காலியாக இருந்தது என்ற இரண்டு செய்திகளும் காதுக்கு வந்துவிடுகின்றன. கண்ணுள்ளவர்களுக்கும் அவை கேட்கத்தான் செய்கின்றன, அவர்கள் கேட்பதில்லை.

அதன்பின் பிள்ளைகளே அவளை நடுவராக்கினார்கள். பலகையை விரிப்பது, எழுபது விதைகளையும் எண்ணி ஐந்தைந்தாக இடுவது, வழக்கு வந்தால் தீர்ப்பது என்று செவ்வாய்க்கிழமைகளின் ஆட்டம் முழுவதும் அவள் கைக்குப் போயிற்று. ஒருநாள் அறுபத்தொன்பது இருந்தபோது தொடங்கவே மறுத்துவிட்டாள். எழுபதாவது விதை என் மேசைக்கு அடியில் கிடைத்தது.

ஒரு சிக்கல் மட்டும் நெடுநாள் தீரவில்லை. எங்கள் முறையில், ஒரு குழியில் நான்கு விதைகள் சேர்ந்த கணமே அது 'பசு' ஆகிவிடும். அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம். நான்கு என்பதைக் கண் உடனே பிடிக்கும். காது பிடிக்காது, ஏனெனில் மூன்றின்மேல் விழும் ஓசைக்கும் ஐந்தின்மேல் விழும் ஓசைக்கும் வேறுபாடு இல்லை. ஆட்டத்தின் நடுவே கைவைக்கவும் முடியாது. பசுவை அடியோடு நீக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் ஒப்பவில்லை. ஒரு முறை ஆடி முடிந்தபின் இருவரும் தத்தம் வரிசையைத் தடவி, அப்போது சரியாக நான்கு இருக்கும் குழிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். இதனால், இடையில் நான்காகிப் பின்னர் ஐந்தாகிவிட்ட குழிகள் தப்பித்துக்கொள்ளும். வேகமான கண்ணால் வென்றுவந்த இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர்களுடைய குறையில் நியாயம் உண்டு, இது வேறொரு ஆட்டம்தான். ஆனாலும் வாக்கெடுப்பில் அவளுடைய விதியே நின்றது.

அடுத்த அறையில் இந்தி வகுப்பு பாட்டுப் பாடும் நாள்களில் எங்களால் ஆட முடியாது. கண்ணாடிச் சாளரங்களை மூடினாலும் ஓசை புகுந்துவிடும். அன்று அவள் நடுவராக இருக்க மறுத்துவிடுவாள், நாங்களும் வற்புறுத்துவதில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர் பிளாஸ்டிக் பலகை வாங்கித் தந்தார். அதில் எல்லா ஓசையும் ஒன்றுபோல் மழுங்கிக் கேட்டதால் அலமாரிக்குப் போயிற்று.

ஆண்டிறுதியில் அந்தச் சிறுவன் புதிய உத்தி ஒன்றைக் கண்டுபிடித்தான். விதையை விழவிடாமல், விரலோடு குழிக்குள் கொண்டுபோய் ஓசையின்றி வைக்கத் தொடங்கினான். அவள் இரண்டு குழிகள் வரை பொறுத்துவிட்டு, "மிஸ், ஓசை வராத விதை செல்லாது என்று கரும்பலகையில் எழுதுங்கள்" என்றாள். எழுதினேன். எந்த உயரத்திலிருந்து விழவிட வேண்டும் என்று அவன் கேட்டான். அவள் தன் கைவிரல்களைக் குழியின் விளிம்பில் நிறுத்தி, நான்கு விரல் உயரம் என்று அளந்து காட்டினாள். அவன் தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டான்.