சாவி கொடுக்கும்வரை அட்வான்ஸ்தான்: ஒரு ஃப்ளாட் கணக்கை மூடிய கதை

சென்னை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கட்டிய ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்கு 2021 முதல் கணக்குப் பார்த்தேன். அதற்கு முன் நான் இருந்தது இரும்பு மொத்த வியாபாரத்தில். அங்கே சரக்கு ஏற்றிப் பில் போட்டால் விற்பனை, அவ்வளவுதான். இங்கேயோ மாதாமாதம் தவணைப் பணம் வந்துகொண்டே இருந்தது, விற்பனைக் கணக்கில் மட்டும் ஒரு ரூபாய் ஏறவில்லை. எல்லாம் 'வாடிக்கையாளர் முன்பணம்' என்று பொறுப்புகள் பக்கம் போய் உட்கார்ந்தது. விளம்பரம், அலுவலகச் சம்பளம் போன்றவை அந்தந்த வருஷமே செலவாகிவிடும். அதனால் லாப நட்டக் கணக்கு நட்டம் காட்டியது. “முக்கால்வாசி ஃப்ளாட் வித்தாச்சு, எப்படிப்பா நட்டம்?” என்று எம்.டி. சார் ஒவ்வொரு மே மாதமும் கேட்பார்.

காரணம் எங்கள் விற்பனை ஒப்பந்தத்திலேயே இருந்தது. இந்தியக் கணக்கியல் தரநிலை 115-ன்படி, கட்டடம் எழ எழ வருமானம் எழுத ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு, வாங்குபவர் நடுவில் விலகினாலும் அதுவரை முடித்த வேலைக்கான தொகையை லாபத்தோடு கேட்கும் உரிமை நமக்குச் சட்டப்படி இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த உரிமை கிடையாது. ஒருவர் ரத்து செய்தால் ஒரு சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே ஃப்ளாட் அவர் கைக்குப் போகும் நாளில்தான் மொத்தமும் வருமானம். 2018 ஏப்ரலில் இந்தத் தரநிலை அமலுக்கு வந்தபோது பங்குச்சந்தையில் உள்ள பல பெரிய கட்டுமான நிறுவனங்களும் இந்த முறைக்குத்தான் மாறின.

இதோடு, ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கேட்கும் வங்கிக் கணக்கைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். வசூலாகும் தொகையில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் மூவரும் சான்று கொடுத்த பிறகுதான், வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்ப அதிலிருந்து எடுக்கலாம். அது பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்கான கட்டுப்பாடு. அந்தக் கணக்கிலிருந்து முறைப்படி எடுத்துக் கம்பிக்கும் சிமெண்டுக்கும் கொடுத்துவிட்டோம் என்பதால் முன்பணம் வருமானமாகிவிடாது. முன்பணம் முன்பணமாகவே நிற்கும். வாங்கிய கம்பியும் சிமெண்டும் கையிருப்பில், நடந்துகொண்டிருக்கும் வேலையாக ஏறும்.

ஒரு ஃப்ளாட்டை எடுத்துக்கொள்வோம். விலை 80 லட்சம், அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. 2024 ஜனவரி வரை 95 சதவீதத்துக்கு, அதாவது 76 லட்சத்துக்குத் தவணை கேட்டு டிமாண்ட் லெட்டர் போயிருந்தது. ஜிஎஸ்டி 3 லட்சத்து 80 ஆயிரம். வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்டுவார், அது 76 ஆயிரம். ஆக, எங்கள் வங்கிக்கு வந்தது 79 லட்சத்து 4 ஆயிரம். இதில் முன்பணமாக நிற்க வேண்டியது 76 லட்சம் மட்டுமே. டிடிஎஸ் நம் பெயரில் அரசுக்குப் போன வரி, பின்னால் நம் வரியில் கழித்துக்கொள்ளலாம், அதுவும் இந்த 76 லட்சத்துக்குள் அடக்கம். ஜிஎஸ்டியைத் தவணை வந்தபோதே அரசுக்குக் கட்டியாகிவிட்டது, அதை முன்பணத்தில் சேர்க்கக் கூடாது. எனக்கு முன் இருந்தவர் சில ஃப்ளாட்டுகளுக்கு வங்கியில் வந்ததை அப்படியே முன்பணத்தில் வரவு வைத்திருந்தார். அந்த லெட்ஜர்களைப் பிரித்தெடுப்பதே ஒரு தனி வேலையாக இருந்தது.

பிப்ரவரியில் சி.எம்.டி.ஏ.விடமிருந்து பணி நிறைவுச் சான்று வந்தது. கடைசி 4 லட்சத்துக்கு டிமாண்ட் அனுப்பியதும் போன் மேல் போன். “சான்றுதான் வந்துடுச்சே, இனிமே எதுக்கு சார் ஜிஎஸ்டி?” நியாயமான கேள்விதான். ஆனால் முழுத் தொகையும் சான்றுக்குப் பிறகு வந்தால்தான் வரி கிடையாது. ஒரு பகுதியையாவது முன்பே வாங்கியிருந்தால் கடைசித் தவணைக்கும் வரி உண்டு. இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி டிமாண்டோடு சேர்த்து அனுப்பிய பிறகுதான் போன் குறைந்தது.

மார்ச் வந்தது. விற்பனைப் பிரிவுக்கு எல்லா ஃப்ளாட்டையும் 31-ஆம் தேதிக்குள் 'ஒப்படைத்தது' என்று காட்டிவிட ஆசை. மூன்று வருஷ நட்டத்தை ஒரே வருஷத்தில் துடைத்துவிடலாமே! நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: நிறைவுச் சான்று இருக்க வேண்டும், தொகை முழுதும் வந்திருக்க வேண்டும், ஒப்படைப்புக் கடிதத்தில் வாங்குபவர் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கியிருக்க வேண்டும்.

கடிதங்களையெல்லாம் அடுக்கிக் கொடுத்தேன். ஆடிட்டர் அவற்றை அதிகம் புரட்டவில்லை. சைட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் சாவி ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். பச்சை பைண்டு நோட்டு, பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய தேதிகள். ஒரு ஃப்ளாட்டின் கடிதத்தில் மார்ச் 30. ரிஜிஸ்டரில் அதே ஃப்ளாட்டுக்குச் சாவி போனது ஏப்ரல் 9. விசாரித்ததில், வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தார், கடிதத்தை மெயிலில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார், கடைசித் தவணையும் ஏப்ரலில்தான் வந்திருந்தது. அந்த ஃப்ளாட் அடுத்த வருஷத்துக்குப் போனது. அதே போல் இன்னும் சில. விற்பனைப் பிரிவுத் தலைவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

மறுபக்கம், குளியலறை டைல்ஸ் விரிசல், பால்கனிக் கதவு சரியாக மூடவில்லை என்று ஸ்நாக் லிஸ்ட் கொடுத்துவிட்டுச் சாவியையும் வாங்கிக் குடியேறியவர்கள் இருந்தார்கள். சில்லறைக் குறைகள் பாக்கி என்பதால் அவற்றை நிறுத்தி வைக்கவில்லை, வருமானமாகவே எழுதினோம். சரிசெய்ய ஆகும் செலவுக்கு ஒதுக்கீடு வைத்தோம். ரெரா சட்டப்படி கட்டமைப்புக் குறைகளுக்கு 5 வருஷம் நமக்குப் பொறுப்பு உண்டு என்பதால், அதற்கும் சேர்த்து.

நம் 80 லட்ச ஃப்ளாட் மார்ச் 22-ல் ஒப்படைக்கப்பட்டது. முன்பணத்தில் பற்று 80 லட்சம், விற்பனையில் வரவு 80 லட்சம். அந்த ஃப்ளாட்டின் பரப்பளவு விகிதத்துக்கு வரும் நிலம், கட்டுமானச் செலவு கையிருப்பிலிருந்து செலவுக்கு மாறியது. புக்கிங்கின்போது புரோக்கருக்குக் கொடுத்த கமிஷனையும் அதுவரை சொத்துப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தோம். அதுவும் அன்றுதான் செலவானது.

டிடிஎஸ் மட்டும் கடைசிவரை இழுத்தது. வாங்குபவர் 26QB படிவத்தில் கட்டிய வரி அந்தந்த வருஷமே, எங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26AS-ல் வந்து நிற்கும். வருமானமோ 2023-24-ல்தான். வருமானம் எந்த வருஷமோ அந்த வருஷம்தான் டிடிஎஸ் கழிக்க முடியும் என்பதால், முந்தைய வருஷ ரிட்டர்ன்களில் அதைக் கோராமல் அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்வதாக அதற்கான பத்தியில் காட்ட வேண்டும். இது ஃப்ளாட் வாரியாக, தவணை வாரியாக இருந்தால்தான் பின்னால் பிடிபடும். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எந்த ஃப்ளாட்டுக்கு எவ்வளவு என்று தெரியாது. சிலர் 26QB கட்டவே இல்லை. வங்கிக் கடனில் வாங்கியவர்களுக்கு வங்கியே முழுத் தொகையை எங்களுக்கு அனுப்பிவிட்டதால் வரி பிடிப்பது விட்டுப்போயிருந்தது. வேறு சிலர் பிடித்துவிட்டுக் கட்ட மறந்திருந்தார்கள். அந்த 1 சதவீதம் 26AS-ல் தெரியும்வரை பத்திரப் பதிவுக்கு நாள் குறிப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதன் பிறகு சலான்கள் ஒவ்வொன்றாக மெயிலில் வர ஆரம்பித்தன.