நடனக் காட்சியின் மேல் ரோட்டோஸ்கோப்: தாளமும் கால் அடியும் தப்பாமல் வரைந்த விதம்

ஒரே ஒரு நடனக்காரர், தரையைத் தொடும் நீளப் பாவாடை, 20 விநாடி ஆட்டம், நிமிடத்துக்கு 100 தாள அடி வேகத்தில் இசை. இதை எடுத்த வீடியோவின் மேல் வரைந்து கோட்டோவிய அனிமேஷனாக மாற்றிய வேலைமுறை இது. ரோட்டோஸ்கோப் என்றால் 'வீடியோவை அப்படியே டிரேஸ் செய்வது' என்று பலர் நினைக்கிறார்கள். நடனத்தை அப்படியே டிரேஸ் செய்தால் ஆட்டம் செத்துவிடும். கால் தரையில் வழுக்கும், அடி தாளத்துக்குப் பின்தங்கும், பாவாடை கொதிப்பதுபோல் நடுங்கும். இந்த மூன்றையும் எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் படப்பிடிப்பு. கேமரா முக்காலியில் அசையாமல் இருக்க வேண்டும், ஆட்டக்காரரின் பாதம் எந்த நேரத்திலும் சட்டகத்துக்கு வெளியே போகக் கூடாது. ஷட்டரை 1/200 விநாடி அளவில் வைத்தோம். வழக்கமான 1/50இல் வேகமாக வீசும் கை வெறும் புகையாகத்தான் பதியும். மணிக்கட்டு எங்கே என்று ஊகிக்க வேண்டிவரும். 1/200க்கு நான்கு மடங்கு வெளிச்சம் தேவை. சில மின்விளக்குகள் அந்த வேகத்தில் மினுக்கும், ஆகவே பகல் வெளிச்சம் நல்லது. இடது கணுக்காலில் ஒரு நிற நாடா கட்டிவிட்டோம். கால்கள் குறுக்கே போகும் இடத்தில் எது இடது, எது வலது என்ற குழப்பம் வந்தால், அடுத்த பத்துப் படங்களும் தவறாகிவிடும்.

வீடியோவை விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்திலேயே எடுங்கள். 30இல் எடுத்ததை 24 ஆக்கினால் ஐந்தில் ஒரு ஃபிரேம் காணாமல் போய், சுழற்சியில் ஒரு தத்தல் தெரியும். அப்படி எடுத்துவிட்டால் 30இலேயே வேலையை முடிப்பது மேல். ஃபோனில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் இடைவெளி ஒரே சீராக இருக்காது என்பதால், ffmpeg என்ற கட்டளை நிரலால் தனித்தனிப் படங்களாகப் பிரிக்கும்போதே அதைச் சீராக்கிக்கொள்ள வேண்டும்:

```
mkdir padam
ffmpeg -i aattam.mp4 -vf fps=24 -start_number 0 -q:v 2 padam/%04d.jpg
ffmpeg -i aattam.mp4 -vn aattam.wav
```

`-start_number 0` சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் நாங்கள் வரையும் கிரிட்டா மென்பொருளில் டைம்லைன் 0இலிருந்து தொடங்குகிறது. கோப்பின் எண் 1இல் தொடங்கினால், குறித்துவைத்த எண்களெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். கீழே சொல்லப்போகும் கணக்கில் அந்த ஒன்று பெரிய வித்தியாசம்.

20 விநாடிக்கு 480 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வைத்தால் 240 படங்கள். படத்துக்குப் பத்து நிமிடம் என்றாலும் 40 மணி நேரம். ஓவியத் தன்மைக்கும் இந்த இரண்டுக்கு ஒன்று நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் தாளத்தில் வருகிறது. 100 அடி வேகத்தில் ஒரு அடிக்கு 14.4 ஃபிரேம். அப்படியானால் அடிகள் ஏறத்தாழ 0, 14, 29, 43, 58, 72ஆம் ஃபிரேம்களில் விழும். நாம் வரைவதோ இரட்டை எண்களில் மட்டும். 29ஐப் பாருங்கள்: 28இல் வரைந்த படத்தில் பாதம் தரைக்குச் சற்று மேலே இருக்கிறது, அதே படம் 29இலும் நிற்கிறது. 30இல் பாதம் தரையில் இருக்கிறது, ஆனால் முழங்கால் ஏற்கெனவே மடங்கத் தொடங்கிவிட்டது. பாதம் தரையைத் தொட்ட கணம் எந்தப் படத்திலும் இல்லை. பார்ப்பவருக்கு அடி தாமதமாகவும் மென்மையாகவும் தெரியும்; காரணம் மட்டும் பிடிபடாது.

அதனால் ஒரு கோடு போடுவதற்கு முன்பே வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, பாதம் தரை தொடும் ஒவ்வொரு எண்ணையும் தாளில் குறித்தோம். கணக்கு எங்கே தேட வேண்டும் என்று காட்டும். முடிவு கண்ணில் பார்த்த எண்தான். ஒற்றை எண்ணில் விழும் அடிகளில் மட்டும் ஒழுங்கை உடைத்தோம்: 28 ஒரு ஃபிரேம், 29இல் தொடும் படம் ஒரு ஃபிரேம், 30இல் மடங்கும் முழங்கால், பிறகு பழையபடி. அடிக்கு ஒரு படம்தான் கூடுதல். அதில் கிடைக்கும் கனத்துக்கு அது மிக மலிவு.

இன்னொன்று: கேமரா மைக்கில் பதிந்த ஒலியை நம்பி ஒத்திசைக்காதீர்கள். பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்துசேரவே கிட்டத்தட்ட 0.03 விநாடி ஆகிறது, அதாவது முக்கால் ஃபிரேம். தெளிவான இசைத் தடத்தைப் பாத அடியின் ஃபிரேமோடு பொருத்துங்கள். சந்தேகம் வந்தால் படம் ஒலிக்கு ஒரு ஃபிரேம் முந்தட்டும், பிந்த வேண்டாம்.

வழுக்கும் காலுக்கு வருவோம். ஊன்றிய பாதத்தை ஒவ்வொரு படத்திலும் புதிதாக வரைந்தால் கை இரண்டு மூன்று பிக்சல் விலகத்தான் செய்யும். ஓட்டிப் பார்த்தால் பனியில் சறுக்குவதுபோல் இருக்கும். பாதம் ஊன்றியது முதல் எழும்வரை ஒரே வரைவைப் பிரதியெடுத்து வைத்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே மட்டும் புதிதாக வரைய வேண்டும். குதிகால் எழும்பத் தொடங்கும் ஃபிரேமில் பிரதியை நிறுத்திவிடுங்கள்.

உடலை வெளிக்கோட்டிலிருந்து தொடங்கவில்லை. தலை, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய புள்ளிகளை ஒரு லேயரில் வைத்து, முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, நடுப்படங்களைப் பிறகு நிரப்பினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வரைந்துகொண்டே போனால் ஐம்பதாவது படத்தில் தலை பெரிதாகியிருக்கும். தூரக் காட்சியில் முகத்துக்கு இரண்டு மூன்று கோடுகளே போதும். கண்ணையும் உதட்டையும் படத்துக்குப் படம் வரைந்தால் அவை முகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அடியின் ஆழத்தை மட்டும் வீடியோவிலிருந்து விலகி வரைந்தோம். மெல்லிய கோட்டில் உடலின் எடை தெரியாது, தசையும் நிழலும் போய்விடுகின்றன. முழங்கால் மடங்கும் தாழ்ந்த நிலையில் இடுப்பைத் தலை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இறக்கினோம். குதிப்பின் உச்சிப் படத்தை ஒரு ஃபிரேம் அதிகம் நிறுத்தினோம். அந்த ஒன்றை இறங்கும் படங்களில் கழித்துக்கொண்டதால் அடி இடம் மாறவில்லை.

பாவாடைதான் அதிகம் சோதிக்கும். வீடியோவில் இருபது மடிப்பு தெரியும், ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இருபது. எல்லாவற்றையும் வரைந்தால் துணி கொதிக்கும். தனி லேயரில் கீழ் விளிம்பை மட்டும் முதலில் வரைந்தோம். பிறகு மூன்றே மடிப்புகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, முன்னால் தோன்றுவதிலிருந்து பக்கவாட்டில் மறைவதுவரை விடாமல் பின்தொடர்ந்தோம். சுழற்சி நின்ற பிறகும் விளிம்பு ஆறேழு ஃபிரேம் சுற்றிப்போய், பிறகு திரும்பிக் காலில் மோதும். உடல் நின்றதே என்று துணியையும் அங்கேயே நிறுத்திவிட்டால் அது அட்டைப் பாவாடையாகிவிடும்.

ஒவ்வொரு 48 ஃபிரேமுக்கும் அடியிலுள்ள வீடியோ லேயரை அணைத்துவிட்டு, ஒலியோடு ஓட்டிப் பார்த்தோம். வீடியோ தெரியும்வரை கண் அதன் அசைவையே பார்த்துக்கொண்டிருக்கும், கோட்டிலுள்ள பிழை மறைந்துபோகும். அதன்பின் ஒலியையும் நிறுத்தி ஒருமுறை. அப்போதும் அடிக்கு விரலால் மேசையில் தட்ட முடிந்த பகுதியை மட்டும் இறுதிக் கோட்டுக்கு அனுப்பினோம்.