16-லிருந்து 24-க்கு ஒரே தாவல்

ஒரு பம்ப் கட்டுப்பாட்டுப் போர்டில் வேலை செய்துகொண்டிருந்த காலம். சின்ன மைக்ரோகன்ட்ரோலர், அதில் மூன்று டாஸ்க்குகள். மோட்டார் வேகத்தைச் சரிசெய்வது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும். அதிகபட்சம் 3 மி.செ. எடுக்கும். வேறொரு சென்சார் போர்டிலிருந்து 16 மி.செ.க்கு ஒருமுறை வரும் செய்தியைக் கையாள 4 மி.செ. அழுத்தக் கணக்கு 20 மி.செ.க்கு ஒருமுறை, 6 மி.செ. அடுத்த சுற்று தொடங்குவதற்குள் முந்தைய சுற்று முடிய வேண்டும், அதுதான் ஒவ்வொன்றுக்கும் கெடு. சீக்கிரம் சீக்கிரம் வரும் டாஸ்க்குக்கு அதிக முன்னுரிமை என்ற ரேட் மோனோடானிக் முறையில் அமைத்திருந்தோம்.

ஒருநாள் அழுத்தக் கணக்கில் ஒரு ஃபில்டர் சேர்க்கக் கேட்டார்கள். கூடுதலாக 1 மி.செ. ஆகும், அவ்வளவுதான். சேர்த்துப் பார்த்த நண்பர் இரவு முழுக்க மேசையில் ஓடவிட்டார். ஒரு கெடுவும் தவறவில்லை. சிபியு மீட்டரும் 70 சதவீதத்தைத் தாண்டவில்லை. நான் ஒப்புதல் தருவதற்கு முன் தாளில் போட்டுப் பார்க்க விரும்பினேன்.

லியூவும் லேலண்டும் 1973-இல் தந்த வரம்பு எல்லோருக்கும் தெரிந்ததே. ஒவ்வொரு டாஸ்க்கின் நேரத்தையும் அதன் இடைவெளியால் வகுத்துக் கூட்டினால், மூன்று டாஸ்க்குக்கு 0.78-க்குள் இருந்தால் கெடு தவறாது. எங்களுக்குப் பழைய நிலையிலேயே 0.85. இந்த வரம்பைத் தாண்டினால் தோல்வி என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. தாண்டினால் இந்தச் சோதனையால் எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவே. 0.85-லும் அமைப்பு சரியாக ஓடலாம், எங்களுடையது ஓடியது.

விடை வேண்டுமென்றால் ஜோசப், பாண்ட்யா 1986-இல் சொன்ன முறைக்குப் போக வேண்டும். மூன்று டாஸ்க்கும் ஒரே கணத்தில் எழும் மோசமான தருணத்தை எடுத்துக்கொள்கிறோம். கடைசி முன்னுரிமையில் இருக்கும் டாஸ்க் முடிவதற்குள் மேலே இருப்பவை எத்தனை முறை குறுக்கே வரும் என்று எண்ணி, அந்த நேரத்தைச் சேர்க்கிறோம். சேர்த்ததால் முடியும் நேரம் தள்ளிப்போகும். அதற்குள் இன்னொரு முறை குறுக்கீடு வரலாம். விடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். கீழே C என்பது அழுத்தக் கணக்கு எடுக்கும் நேரம், R அது முடியும் நேரம், ceil என்றால் பின்னத்தை மேல்நோக்கி முழு எண்ணாக்குவது.

```
R = C + ceil(R/10)*3 + ceil(R/16)*4
C = 6:  13 → 16 → 16
C = 7:  14 → 17 → 21 → 24 → 24
```

பழைய நிலையில் 16 மி.செ.இல் முடிகிறது, கெடு 20. நான்கு மி.செ. மிச்சம் இருப்பதால் 1 மி.செ. தாராளமாகக் கூட்டலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பழைய டாஸ்க் முடிந்ததே சரியாக 16-ஆவது மி.செ.இல், அதாவது அடுத்த சென்சார் செய்தி வரும் அதே கணத்தில். ஒரு மி.செ. நீண்டதும் அந்தச் செய்தி உள்ளே நுழைந்து 4 எடுக்கிறது. அதனால் 20-ஐத் தாண்ட, மோட்டார் டாஸ்க் மூன்றாம் முறையாக வந்து இன்னொரு 3 எடுக்கிறது. 1 கூட்டினால் 8 கூடுகிறது. மொத்தச் சுமையோ 0.90-தான்.

அப்படியானால் இரவு முழுக்க ஓடியும் ஏன் தெரியவில்லை? சென்சார் போர்டுக்கு நேரத்தை அளக்கத் தனிக் கிரிஸ்டல். இரண்டுக்கும் 50 பிபிஎம் வித்தியாசம் இருந்தாலே விநாடிக்கு 50 மைக்ரோசெகண்ட் நகரும். ஓரிரு நிமிடத்துக்குள் எல்லா விதமான சேர்க்கையும் வந்துபோகும். ஆக, மோசமான சந்திப்பு அன்று இரவு பலமுறை நடந்திருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் ஃபில்டரும் மற்ற இரண்டும் தங்கள் முழு நேரத்தையும் எடுக்க வேண்டும். மேசையில் அழுத்தம் மாறாமல் இருந்ததால் கணக்கு சீக்கிரமே முடிந்துகொண்டிருந்தது. மீட்டர் 70 காட்டியதும் இதனால்தான், அது காட்டுவது சராசரி.

தாளில் உள்ளதை நண்பருக்குக் காட்டினால் மட்டும் போதாது என்று, ஒவ்வொரு டாஸ்க்கையும் வெற்று லூப்பால் அதன் அதிகபட்ச நேரத்துக்கு நிரப்பினோம். செய்தியையும் எங்கள் டைமரிலிருந்தே அதே கணத்தில் எழுப்பினோம். டாஸ்க் தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, முடியும்போது இறக்கி, லாஜிக் அனலைசரில் பார்த்தால் உடனே 24 மி.செ. தெரிந்தது. இப்படி வேண்டுமென்றே சந்திக்கவைக்காத கெடுச் சோதனையை நான் இப்போதெல்லாம் ஏற்பதில்லை.

ஃபில்டரைச் சுருக்கலாமா என்று யோசித்தோம். கடைசியில் செய்தது வேறு: சென்சார் போர்டுக்காரர்களிடம் பேசி 16-ஐ 20 ஆக மாற்றச் சொன்னோம். அழுத்தம் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை, அவர்களுக்கும் ஆட்சேபம் இல்லை. இப்போது இடைவெளிகள் 10, 20, 20. ஃபில்டருடன் 7 மி.செ. ஆன அழுத்தக் கணக்கு முடியும் நேரம் 17.

ஒன்றையொன்று மீதமின்றி வகுக்கும் இடைவெளிகளில் 100 சதவீதம்வரை போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அடுத்தவர் கிரிஸ்டலில் 20 என்பது 19.999 ஆக இருக்கலாம், ஆகவே அந்த 100-ஐ நம்பி நான் எதையும் நிரப்பவில்லை. 17-க்கும் 20-க்கும் நடுவே உள்ள 3 மி.செ.ஐ அப்படியே விட்டுவைத்தோம். அடுத்து யாராவது ஏதேனும் சேர்க்கக் கேட்டால் அந்த மூன்று வரிகளைத் திரும்பப் போட வேண்டும் என்று கோடுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.