எங்கள் தண்ணீர் பாட்டிலுக்குப் பெயர் வைத்த கதை

எங்கள் பிளாண்ட் மானூர் பக்கம். போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் சுத்திகரித்து பாட்டிலில் அடைக்கிறோம். பெயர் வைப்பது ஒரு நாள் வேலை என்று நினைத்தோம். இரண்டு மாதம் ஆனது.

அத்தான் முதல் நாளே 'பொதிகை ஊற்று' என்று முடிவு செய்துவிட்டார். லேபிளில் மலையும் அருவியும் வரைந்தாயிற்று. எனக்கும் பிடித்திருந்தது. லைசென்ஸுக்கு உதவிய ஆலோசகர்தான் நிறுத்தினார். ஓர் இடத்தின் பெயரைத் தண்ணீருக்கு வைத்தால், அந்தத் தண்ணீர் அங்கே எடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. படத்துக்கும் இதே கதிதான். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குழப்பும் ஓவியம் கூடாது. எங்கள் தண்ணீர் மானூர் மண்ணுக்கு அடியில் இருந்து வருவது. அருவி படம் போட்டால் அது பொய்தான். 'மூலிகை மணம்' என்று அத்தான் எழுதி வைத்திருந்த வரியும் போயிற்று. தண்ணீருக்கு மருத்துவ குணம் சொல்லவே கூடாது.

"அப்போ பியூர்னு வச்சிருவோம் மாப்ள" என்றார். வைக்கலாம், ஆனால் அந்தச் சொல் வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால், இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற வரியை 3 மி.மீ.க்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டும். 'நேச்சுரல்', 'ஃப்ரெஷ்' எல்லாவற்றுக்கும் இப்படித்தான். மேலே சுத்தம் என்று எழுதி, கீழே அது பெயர் மட்டும் என்று நாமே சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுபோக, எல்லோரும் வைக்கிற சொல் என்பதால் டிரேட்மார்க்கிலும் அதைத் தனியாகப் பிடித்து வைக்க முடியாது.

அடுத்தது 'முற்றம்'. தெளித்துக் கோலம் போட்ட வாசல் நினைவுக்கு வரும்; எந்த உறுதியும் தராது. ஆனால் லேபிளில் ஆங்கில எழுத்தும் வேண்டும். MUTRAM என்று அச்சடித்து, சரக்கு ஏற்ற வந்த டிரைவரிடம் காட்டினேன். அவர் படித்தது வேறு சொல், தண்ணீர் பாட்டிலில் வரவே கூடாத சொல். இந்தியிலும் 'மூத்ர' என்றால் சிறுநீர்தான். அன்றே விட்டுவிட்டோம். தமிழில் மட்டும் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

கடைசியில் அக்காதான் 'நிறைகுடம்' என்றாள். எல்லா வீட்டு விசேஷத்திலும் வாசலில் இருக்கும் குடம். சுத்தம் என்று சொல்லாமலே அந்த எண்ணம் வருகிறது. NIRAIKUDAM என்பதை ஆறு பேரிடம் படிக்கக் கொடுத்தேன், யாரும் தடுமாறவில்லை. டிரேட்மார்க் தளத்தில் 32ஆம் வகுப்பில் எழுத்தை வைத்தும் ஒலியை வைத்தும் தேடிவிட்டு விண்ணப்பித்தோம். சிறு நிறுவனம் என்பதால் ஆன்லைனில் கட்டணம் 4500 ரூபாய். லேபிளில் இப்போது ஒரு குடம் மட்டும் இருக்கிறது, மலை இல்லை. முகவரியில் மானூர் என்றே எழுதியிருக்கிறோம்.