பொங்கல் வாரத்தில் யார் ரிவ்யூ பார்ப்பது?

27 டிசம்பர் 2024, வெள்ளி

பொங்கல் வாரத்தில் கோட் ரிவ்யூவுக்கு யார் இருப்பார்கள் என்ற கணக்கை இன்று எடுத்தேன். விடுப்புச் செயலியில் இருவர் பெயர்தான் இருந்தது. ஆனால் மற்றவர்களும் ஊருக்கு ரயில் டிக்கெட் செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், விடுப்பு விண்ணப்பம்தான் இன்னும் வரவில்லை. ஒவ்வொருவரிடமும் “எந்த ரயில், எப்போது திரும்புகிறீர்கள்?” என்றே கேட்டேன். ஒன்பது பேரில் ஆறு பேர் இல்லை. சென்னையே சொந்த ஊர் என்பதால் நான் இருக்கிறேன். புனேயில் ஒருவர், கொச்சியில் ஒருவர்.

ஐதராபாத் அணியிடம் உதவி கேட்கலாம் என்றார் மேலாளர். அங்கே அதே நாட்களில் சங்கராந்தி. பாதிப் பேர் ஆந்திராவில் சொந்த ஊரில் இருப்பார்கள்.

3 ஜனவரி 2025, வெள்ளி

மூன்று பேர் இருக்கிறோம், போதும் என்று தோன்றும். ஆனால் தலைகளை எண்ணிப் பயனில்லை, கோப்புறை கோப்புறையாகப் பார்க்க வேண்டும். கிட்ஹப்பில் எழுதியவரே தன் புல் ரிக்வெஸ்டுக்கு அப்ரூவல் தர முடியாது. எனவே ஒவ்வொரு பகுதிக்கும் அதன் உரிமையாளர்களில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும்: ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க.

இப்படிப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள். `payments` பகுதிக்கு நான் மட்டும். டேட்டாபேஸ் மைக்ரேஷனுக்குப் புனே நண்பர் மட்டும்.

கொச்சி நண்பருக்கு `payments` ஓரளவு தெரியும். இன்றிலிருந்து அந்தப் பகுதியில் வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் அவர் முதலில் படித்துக் கருத்து எழுதுவார், உரிமையாளர் அதன்மேல் பார்ப்பார். இருவர் கண்ணில் பட்டது எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் அவர் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. மைக்ரேஷனை இந்த அவகாசத்தில் யாருக்கும் கற்றுத்தர முடியாது. 10-ம் தேதி மாலை முதல் 20-ம் தேதி காலை வரை அதில் எதுவும் மெர்ஜ் ஆகாது என்று முடிவு செய்தோம்.

6 ஜனவரி, திங்கள்

17-ம் தேதியும் விடுமுறை என்று அரசு அறிவித்துவிட்டது. வியாழன் திரும்புவதாக இருந்தவரும் இனி திங்கள்தான்.

அந்த வாரம் மட்டும் ரிவ்யூ கட்டாயத்தை எடுத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவறு நடந்தால் கவனிக்க ஆளே குறைவாக இருக்கும் வாரம் அது. அந்த வாரத்தில்தானா காவலைத் தளர்த்துவது?

மாற்று ஏற்பாட்டுக்கு, எந்தப் பகுதிக்கு யார் உரிமையாளர் என்று சொல்லும் `CODEOWNERS` கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்கள்:

```
/payments/  @kadai/pay
/payments/  @kadai/pongal
```

இது வேலை செய்யாது. ஒரே பாதைக்கு இரண்டு வரி இருந்தால் கடைசி வரிதான் செல்லும், `pay` குழு உரிமையாளர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால்தான் யாராவது ஒருவரின் அப்ரூவல் போதும்:

```
/payments/  @kadai/pay @kadai/pongal
```

புதிய குழுவுக்கு அந்த ரெப்போவில் எழுதும் உரிமையும் வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தரும் அப்ரூவல் கணக்கில் சேராது.

இன்னொன்று: எந்த பிராஞ்சில் மெர்ஜ் செய்கிறோமோ, அந்த பிராஞ்சில் உள்ள `CODEOWNERS` கோப்பைத்தான் கிட்ஹப் பார்க்கும். விடுமுறையில் அவசரத் திருத்தம் வந்தால் அது ரிலீஸ் பிராஞ்சுக்குத்தான் போகும். அதனால் அங்கேயும் இதே மாற்றத்தைச் செய்தோம்.

10 ஜனவரி, வெள்ளி

ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரே ஒரு தேடல்:

```
is:pr is:open review:changes_requested
```

மாற்றம் கேட்டு நிறுத்தி வைத்தவர் ஊருக்குப் போய்விட்டால் வேறு எத்தனை பேர் சரி என்றாலும் அந்த ரிக்வெஸ்ட் அப்படியே நிற்கும். அவரே வந்து அப்ரூவல் தர வேண்டும், அல்லது உரிமை உள்ளவர் அந்த ரிவ்யூவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். அப்படிச் சில இருந்தன. முடிக்கக்கூடியவற்றை மாலைக்குள் முடித்தோம், மற்றவற்றை டிராஃப்டாக மாற்றிவிட்டோம்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கலன்று ஒரு புகார். பில்லில் பாதிப் பணத்தைத் திருப்பித் தரும்போது ஜிஎஸ்டி தொகையில் ஒரு பைசா வித்தியாசம் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பைசாவுக்கு முழுமையாக்கிக் கூட்டுவதும், கூட்டிய பிறகு முழுமையாக்குவதும் ஒரே விடை தராது. பில் போடும்போது ஒரு முறை, பணம் திருப்பும்போது மற்ற முறை என்று இருந்தது.

திருத்தத்தை நான் எழுதினேன். பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஃபங்ஷனையும் சேர்த்துச் சீராக்கியிருந்தேன். கொச்சி நண்பர் அதைப் பிரித்து எடுக்கச் சொன்னார்: “இந்த வாரம் நான் முழுசாகப் புரிந்துகொண்டதற்குத்தான் கையெழுத்து போடுவேன்.” சரியான பேச்சு. பிரித்தேன். மூன்று பொருள் கொண்ட பில்லுக்கு ஒரு டெஸ்டும் கேட்டார், எழுதினேன். ரிலீஸ் பிராஞ்சில் அவருடைய அப்ரூவல் கணக்கில் ஏறியது, மதியத்துக்குள் வெளியானது. ஊரில் இருப்பவர்கள் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

20 ஜனவரி, திங்கள்

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். விடுமுறையில் மெர்ஜ் ஆனவற்றை அந்தந்த உரிமையாளர் இன்று படித்தார்கள். பிரித்து வைத்த ஃபங்ஷன் தனி ரிக்வெஸ்டாகப் போயிருக்கிறது. `pongal` குழுவை இரண்டு பிராஞ்சிலும் நீக்கினோம். கொச்சி நண்பரை மட்டும் `pay` குழுவிலேயே சேர்த்துவிடச் சொன்னார் அந்தப் பகுதியின் மூத்தவர். ஓணத்துக்கு அவர் ஊருக்குப் போகும்போது யார் நிற்பது என்பதையும் இப்போதே அட்டவணையில் போட்டுவைத்தேன்.